பன்றிக்கறி தொடாத வீட்டில் நாடாப்புழுக் கட்டி: உங்கள் அனுபவம்?

செல்வி: என் மகனுக்கு ஒன்பது வயது. போன ஆடியில் பள்ளியில் வலது கை மட்டும் வெட்டி வெட்டி இழுத்திருக்கிறது, அப்புறம் மயங்கி விழுந்துவிட்டான். ஸ்கேனில் மூளையின் இடது பக்கம் சின்னக் கட்டி, சுற்றிலும் வீக்கம். பன்றி நாடாப்புழுவின் குஞ்சுப் பருவம் என்றார் டாக்டர். நாங்கள் முட்டைகூடச் சாப்பிடாதவர்கள். மாமியார் இன்றுவரை நம்பவில்லை. வேறு யார் வீட்டிலாவது இப்படி நடந்திருக்கிறதா?

முருகேசன்: முட்டைக்கோஸ்தான் காரணம். அதிலிருக்கிற புழு மூளைக்கு ஏறிவிடும். நான் வாங்குவதையே நிறுத்திவிட்டேன்.

ரவி, லேப் டெக்னீசியன்: பாதி சரி அண்ணே. கோஸில் நெளிகிற பச்சைப்புழு வேறு. மனித மலம் கலந்த தண்ணீர் பட்டிருந்தால் கோஸும் கொத்தமல்லியும் ஒன்றுதான். பன்றிக்கறியில் இருப்பது அரிசி போன்ற கட்டி. அரைவேக்காட்டில் தின்றால் அது குடலில் ஒட்டி, சில மீட்டர் நீளப் புழுவாக வளரும். கறியிலிருந்து நேராக மூளைக்குப் போகாது. அந்தப் புழு போடும் முட்டைகள் மலத்தோடு வெளியே வரும். புழு உள்ளவர் கழிப்பறை போய் வந்து சரியாகக் கை கழுவாமல் சமைத்தால், சாப்பிடுகிற எவருக்கும் மூளையில் கட்டி வரலாம், புழு உள்ளவருக்கே வரலாம். 1990 வாக்கில் நியூயார்க்கில் பன்றியே தொடாத யூதக் குடும்பங்களில் நான்கு பேருக்கு இது வந்தது. தேடிப் பார்த்ததில் ஒரு வீட்டு வேலையாளின் குடலில் நாடாப்புழு இருந்தது.

தேவி: ஃப்ரீசரில் வைத்த பன்றிக்கறி சாப்பிடலாமா?

ரவி: நன்றாக வேகவைத்துச் சாப்பிடுங்கள். நடுவில் சிவப்பு இருக்கக்கூடாது. செல்வி அக்கா கேட்டது வேறு.

ஜோசப்: எனக்கே புழு இருந்தது. பட்டாளத்தில் வடகிழக்கில் இருந்தபோது சுட்ட பன்றி நிறையச் சாப்பிட்டேன். ஊர் வந்த பிறகு மலத்தில் வெள்ளை ரிப்பன் துண்டு போல வரும். வலியே இல்லை, அதனால் ஒரு வருடம் கண்டுகொள்ளவில்லை. கடைசியில் போனபோது டாக்டர் முதலில் கேட்டது, "வலிப்பு, தீராத தலைவலி உண்டா?" என்றுதான். சில புழு மருந்து மூளையில் ஒளிந்திருக்கும் கட்டியைத் தூண்டி வீங்க வைக்குமாம். எனக்கு நிக்லோசமைடு ஒரே வேளை. அந்த ஒரு வருடமும் வீட்டில் பச்சைச் சட்னி அரைத்தது நான்தான். மனைவிக்குத் தலை வலித்தால் இன்றும் பதறுகிறது.

செல்வி: அப்படியானால் எங்கள் சமையல் அக்காவைச் சந்தேகப்படணுமா?

ரவி: அவரை மட்டும் வேண்டாம், வீட்டில் எல்லாருமே மலப் பரிசோதனைக்குக் கொடுங்கள், வெவ்வேறு நாளில் மூன்று முறை. தினமும் முட்டை வராது, ஒரு தடவை மட்டும் கொடுத்தால் தப்பிவிடும். முட்டை தெரிந்தாலும் அது பன்றிப் புழுவா மாட்டுப் புழுவா என்று மைக்ராஸ்கோப்பில் பிரிக்க முடியாது. பையன் விழுங்கியது பல மாதத்துக்கு முன்னாலும் இருக்கலாம், வெளியே தின்ற பண்டத்திலும் இருக்கலாம்.

செல்வி: எங்கள் மூவருக்கும் ஒன்றுமில்லை என்று வந்துவிட்டது. நாங்கள் முதலில் கொடுத்ததைப் பார்த்து அக்காவும் ஒப்புக்கொண்டார், திங்கட்கிழமை கொடுக்கிறார். பையனுக்கு வலிப்பு மாத்திரை தொடர்கிறது. அடுத்த ஸ்கேன் தையில்.