சீமெந்துக்கல் அரிகிறேன், கொன்ராக்டர்மாரிடம் போய்ச் சேர வழி தெரியவில்லை – உதவி தேவை

கல்லுக்காரன்_ஒட்டுசுட்டான்

வணக்கம். ஒட்டுசுட்டானில் சீமெந்துக்கல் அரியும் சின்ன இடம் ஒன்று வைத்திருக்கிறேன். 4 அங்குலமும் 6 அங்குலமும் அரிகிறோம். ஒரு மெஷின், இரண்டு பெடியள், ஒரு ட்ராக்டர், அவ்வளவுதான். வீட்டுத்திட்டம் நடந்த காலத்தில் அப்பா நடத்தினார். கல் காய முன்னமே ஏற்றுவதற்கு ஆட்கள் வந்து நிற்பார்களாம். இப்போது வீடு திருத்துகிறவர்கள் 200, 300 என்று எடுக்கிறார்கள். மாரி தொடங்கினால் அதுவும் இல்லை.

பள்ளிக்கூட மதில், பொதுநோக்கு மண்டபம் என்று வேலைகள் நடக்கத்தான் செய்கின்றன. அந்தக் கொன்ராக்டர்மாரைப் பிடிக்க வேண்டும் என்று வர்த்தக சங்கத்தில் சந்தா கட்டிச் சேர்ந்தேன். சங்கத்து வட்ஸ்அப் குழுவில் கல்லின் படமும் விலையும் போட்டேன். லைக் விழுகிறது, ஓடர் விழவில்லை. நேரே கோல் எடுத்தால் "எங்களுக்கு ஆள் இருக்கு, பிறகு பாப்பம்" என்கிறார்கள். நான் சீமெந்து எடுக்கும் ஹாட்வெயார் முதலாளிக்கு எல்லாரையும் தெரியும். "ஆராவது இருந்தால் சொல்லுங்கோ அண்ணை" என்று சொல்லியும் வைத்தேன். தலையாட்டுகிறார், ஒன்றும் வரவில்லை. என்ன செய்யலாம்?

ஏ9_பயணி

தம்பி, பிரதேச சபை, மாவட்டச் செயலகம் எல்லாம் வருடா வருடம் வழங்குநர் பதிவுக்கு விண்ணப்பம் கோருவார்கள். பத்திரிகையில் அறிவித்தல் வரும். வியாபாரப் பெயர்ப் பதிவு இருந்தால் கட்டணத்தைக் கட்டிப் பதியுங்கள். பிறகு விலைமனு உங்களைத் தேடி வரும். கொன்ராக்டரின் பின்னால் ஏன் திரிவான்?

ஓய்வு_ரிஓ

பதிவு நல்லதுதான், செய்து வைக்கட்டும். ஆனால் அவர் கேட்டது அதனால் தீராது. சபை நேரே கல் வாங்குவது குறைவு. வேலையைக் கொன்ராக்டருக்கோ கிராம அபிவிருத்திச் சங்கத்துக்கோ கொடுத்துவிடும். கல்லை எங்கே எடுப்பது என்று முடிவு பண்ணுகிறவர் வேலை எடுத்தவர். ஆகவே இவர் கண்டுபிடிக்க வேண்டியது அந்த ஆளைத்தான். கிராம அபிவிருத்திச் சங்கங்களை விட்டுவிடாதீர்கள். தலைவரும் பொருளாளரும் ஊருக்குள்ளேயே இருப்பார்கள், அவர்களிடம் போக அறிமுகமும் தேவையில்லை.

"எங்களுக்கு ஆள் இருக்கு" என்று ஏன் சொல்கிறார்கள் தெரியுமா? கொன்ராக்டருக்கு விலையைவிடப் பெரிய பயம் ஒன்று இருக்கிறது. கல் சரியில்லை என்று வேலையைப் பார்க்க வரும் தொழில்நுட்ப உத்தியோகத்தர், அதாவது ரி.ஓ., சொல்லிவிட்டால் கட்டிய சுவரை உடைக்க வேண்டும், பில்லும் நிற்கும். தெரியாத ஆளிடம் எடுத்து அந்த வம்பில் மாட்ட யாரும் விரும்ப மாட்டார்கள். நான் வேலையில் இருந்தபோது சைட்டுக்குப் போனால் முதலில் கல்லின் மூலையைப் பெருவிரலால் அழுத்தித் தேய்ப்பேன். மணல் உதிர்ந்தால் அது சீமெந்து குறைந்த கல், அல்லது தண்ணீர் காட்டாத கல். இரண்டு கல்லைத் தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும். மொத்தென்று கேட்டால் உள்ளே ஈரம் இருக்கிறது. பச்சைக் கல்லால் கட்டினால் சுவர் காயும்போது சுருங்கி, பூச்சில் வெடிப்பு விழும்.

சீமெந்துக்கல்லுக்கு எஸ்.எல்.எஸ். 855 என்று தரம் இருக்கிறது. முத்திரை எடுக்கச் சொல்லவில்லை, உங்கள் அளவுக்கு அது பெரிய செலவு. ஆனால் கல்லை அமுக்கிப் பார்த்த பரிசோதனை அறிக்கை ஒன்று கையில் இருந்தால் கதையே வேறு. கிளிநொச்சி அறிவியல்நகரில் பொறியியல் பீடம் இருக்கிறது, அங்கே போய் விசாரியுங்கள்.

நெட்_வியாபாரி

பேஸ்புக்கில் காசு கட்டி விளம்பரம் போடுங்கள் ப்ரோ. முல்லைத்தீவு மாவட்டம் மட்டும் என்று தெரிவு செய்யலாம். வீடு கட்டுகிற எல்லாருக்கும் போய்ச் சேரும்.

ஓய்வு_ரிஓ

வீடு கட்டுகிறவர்கள் அவரிடம் ஏற்கெனவே வருகிறார்கள். அவர் கேட்டது கொன்ராக்டர்மாரை.

மல்லாவி_ஹாட்வெயார்

நான் ஹாட்வெயார் வைத்திருப்பவன், அந்த முதலாளி ஏன் தலையாட்டுவதோடு நிற்கிறார் என்று சொல்கிறேன்.

முதலில் சங்கத்துக் கதை. வர்த்தக சங்கத்தில் இருப்பவர்கள் எல்லாரும் உங்களைப் போல விற்கிறவர்கள். அங்கே படம் போட்டால் உங்கள் விலை மற்றக் கல்லுக்காரருக்குத் தெரியும், வேறொன்றும் நடக்காது. சங்கத்தால் பிரயோசனம் வேறு விதத்தில். கூட்டத்துக்குப் போய், கொன்ராக்டருக்குக் கல் தவிர்ந்த சாமான் கொடுப்பவர் யார் யார் என்று பாருங்கள். ஹாட்வெயார், கம்பி, மரம், மணல் ரிப்பர் வைத்திருப்பவர். ரிப்பர்காரருக்கு எந்தச் சைட்டில் அத்திவாரம் வெட்டுகிறார்கள் என்பது எங்களுக்கு முன்னமே தெரியும். அத்திவாரம் வெட்டும்போதே கதைத்தால் கல்லுக்கு இடம் இருக்கும். சுவர் எழும்பத் தொடங்கிவிட்டால் கல் ஏற்கெனவே இறங்கியிருக்கும்.

இப்போது முதலாளி. "ஆராவது இருந்தால் சொல்லுங்கோ" என்று கேட்டால் அவர் யாரை நினைப்பார்? பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். "அண்ணை, ஸ்கூல் மதில் வேலை எடுத்திருக்கிறவர் உங்களிடம்தானே சீமெந்து எடுக்கிறார்? நாளைக்கு வந்தால் எனக்கு ஒரு கோல் போட்டுத் தாருங்கோ, நான் வந்து கதைக்கிறேன்." இப்படி ஒரு ஆள், ஒரு வேலை. வட்ஸ்அப்பில் அவர் அப்படியே மற்றவருக்கு அனுப்பக்கூடியதாக ஒரு செய்தியும் எழுதிக் கொடுங்கள். நான் ஒருவருக்கு எழுதிக் கொடுத்தது இப்படி இருந்தது: "இவர் என்னிடம் சீமெந்து எடுத்துக் கல் அரிகிறவர். 6 அங்குலக் கல், 14 நாள் தண்ணீர் காட்டி வைத்திருப்பது 1,000 இப்போது கையில் இருக்கிறது. சைட்டில் இறக்கித் தருவார். இரண்டு கல் கொண்டுவந்து காட்டச் சொல்லட்டுமா?" விலையை அதில் எழுதவில்லை. விலை நேரே கதைக்க வேண்டிய விஷயம்.

அடுத்தது முக்கியமானது. கொன்ராக்டர் கல்லுக்குக் கடன் கேட்பார். வேலையை ரி.ஓ. அளந்து, பில் போட்டு, காசு வர இரண்டு மூன்று மாதம் இழுக்கும். யார் ஒழுங்காகத் தருவார், யார் இழுப்பார் என்பது எங்கள் கணக்குக் கொப்பியில் இருக்கிறது. முதலாளியிடம் நீங்கள் பெறும் பெரிய உதவி அதுதான். உங்களை ஒருவரிடம் அனுப்பி, அவர் உங்களுக்குக் காசு தராமல் விட்டால் முதலாளியின் பெயரும் கெடும். அந்தப் பயமும் அவர் தலையாட்டுவதில் இருக்கிறது.

எங்கள் பக்கம் நாங்கள் செய்கிற முறையைச் சொல்கிறேன். 150 அடி நீளம், 6 அடி உயரம் மதில் என்று வையுங்கள். 900 சதுர அடி. 100 சதுர அடிக்கு 6 அங்குலக் கல் சாந்தோடு 103 அளவில் போகும். உடைவையும் சேர்த்தால் 950 கல். கல்லுக்கான பில்லை ஹாட்வெயார் போடுகிறது, கடனையும் ஹாட்வெயார் சுமக்கிறது. கல்லுக்கு 5 ரூபா என்று கழித்துக்கொண்டால் கடைக்கு 4,750 ரூபா. மூட்டைக்கு 30 கல் அரிந்தால் 950 கல்லுக்கு 32 மூட்டை சீமெந்து. அந்தச் சீமெந்துக் காசைக் கடை உங்கள் கல் காசில் கழித்துக்கொள்ளும், மிச்சம் உங்கள் கையில். கொன்ராக்டர் எப்போது தருவார் என்று நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. ஆனால் ஒன்று, கொன்ராக்டர் அதன் பிறகு கடையின் ஆள், உங்கள் ஆள் இல்லை. அதையும் யோசியுங்கள்.

முறிகண்டி_அக்கா

நான் கச்சானும் மிக்சரும் பொதி செய்து விற்கிறவள், கல்லைப் பற்றி எனக்குத் தெரியாது. எனக்கும் பொலித்தீன் பை தருகிற கடைக்காரர்தான் வவுனியாவில் ஒரு விநியோகஸ்தரை அறிமுகப்படுத்தினார். நல்ல மனுசன். ஆனால் அவரே என்னைப் போல மிக்சர் போடுகிற இன்னும் நாலு பேரையும் அந்த விநியோகஸ்தரிடம் அனுப்பியிருந்தார். பிறகு என்ன, விலையைக் குறை குறை என்று எங்களை ஆளோடு ஆள் மோத விட்டார். உங்கள் முதலாளி வேறு கல்லுக்காரருக்கும் சீமெந்து கொடுக்கிறாரா என்று முதலில் பாருங்கோ தம்பி.

மல்லாவி_ஹாட்வெயார்

அக்கா சொல்வது சரி. எந்த ஹாட்வெயாரிலும் கல்லுக்காரர் இரண்டு மூன்று பேர் இருப்பார்கள். நீங்கள்தான் ஒரே ஆள் என்று யாரும் உறுதி தர மாட்டார்கள். தரத்தையும் சொன்ன நாளில் கல் இறங்குவதையும் வைத்துத்தான் ஒருவரை முன்னுக்குப் பிடிப்போம்.

நெடுங்கேணி_மேசன்

கொன்ராக்டருக்குக் கல் எங்கே நல்லது என்று சொல்வது நாங்கள். மேசன்மாரைப் பிடியுங்கள். மூலை உடைந்த கல்லை வெட்டிச் சரிக்கட்டுவது எவ்வளவு தலையிடி என்று எங்களுக்குத்தான் தெரியும். 50 கல் சும்மா கொடுத்தால் ஊரெல்லாம் சொல்லுவோம் 😀

ஓய்வு_ரிஓ

மேசனின் சொல்லுக்கு மதிப்பு இருக்கிறது. சும்மா கொடுக்கும் கல்லுக்குத்தான் நான் உடன்பட மாட்டேன். மேசனுக்குக் கல் கொடுத்த கதை கொன்ராக்டர் காதுக்குப் போனால் உங்களையே சந்தேகப்படுவார்.

கல்லுக்காரன்_ஒட்டுசுட்டான்

எல்லாருக்கும் நன்றி. மல்லாவி அண்ணை சொன்ன மாதிரிப் பெயர் சொல்லிக் கேட்டேன். மதில் வேலைக்காரர் சீமெந்து எடுக்க வந்த நேரம் முதலாளி கோல் போட்டார். இரண்டு கல்லோடு போனேன். ரி.ஓ. ஐயா எழுதியது போலவே அவரும் மூலையைத் தேய்த்துப் பார்த்தார். பிறகு இடுப்பளவு உயரத்தில் இருந்து மண் தரையில் போட்டார், உடையவில்லை. "மூட்டைக்கு எத்தனை கல்?" என்று கேட்டார். 30 என்றேன். அதற்கு மேல் கதை விலையிலும் கடனிலும்தான்.

950 கல் எடுக்க விருப்பம், ஆனால் பில் கடை பெயரில் வேண்டாம், என்னிடம் நேரே 60 நாள் கடனுக்கு வேண்டும் என்கிறார். கடைக்குப் போகும் 5 ரூபாயை அவருக்குக் குறைக்க வேண்டுமாம். முதலாளி கோல் போட்டுத் தந்த ஆளிடம் முதலாளியை விட்டுவிட்டு வியாபாரம் செய்யச் சொல்கிறார். அப்படிச் செய்தால் நாளைக்குச் சீமெந்துக்கு அந்தக் கடைப் படியில் எப்படி ஏறுவது?

மல்லாவி_ஹாட்வெயார்

கடைக்குக் கொடுக்க வேண்டியதை முதலாளியிடம் நேரே போய்க் கதையுங்கள், கொன்ராக்டர் வழியாக அவருக்குத் தெரிய விடாதீர்கள். "அவர் நேரே கேட்கிறார், என்ன செய்யட்டும்?" என்று கேட்டாலே போதும். அவர் கடை பில் வேண்டாம் என்பதற்கு ஒரு காரணம் இருக்கும். எங்கள் அனுபவத்தில், கடைக் கணக்கில் ஏற்கெனவே நிலுவை ஏறியவர்கள்தான் இப்படிக் கேட்பது வழக்கம். எல்லாரும் அப்படி என்று சொல்லவில்லை.

60 நாளுக்கு ஒத்துக்கொள்வதென்றால் திகதியிட்ட செக் வாங்குங்கள். 950ஐயும் ஒன்றாக இறக்காமல் 300, 300 ஆக இறக்குங்கள். விலைக்கு ஒரு கிழமைக்கு மேல் பொறுப்பில்லை என்று எழுதிக் கொடுங்கள். 2022இல் சீமெந்து விலை தாவியபோது பழைய விலைக்கு ஒத்துக்கொண்ட கல்லுக்காரர் எத்தனை பேர் மெஷினை விற்றார்கள் என்று உங்கள் அப்பாவைக் கேளுங்கள்.

ஏ9_பயணி

செக் திரும்பினால்? பொலிஸ், வழக்கு என்று அலைந்தால் கல் விற்ற காசைவிடச் செலவு கூடிவிடும். எனக்கென்றால் முதல் ஓடருக்கு அரைவாசிக் காசு கையில் இல்லாமல் ஒரு கல்லும் இறக்க மாட்டேன்.

மல்லாவி_ஹாட்வெயார்

அரைவாசிக் காசு முன்கூட்டித் தருகிற கொன்ராக்டர் உங்கள் பக்கம் இருந்தால் எனக்கும் நம்பரைத் தாருங்கோ.

கல்லுக்காரன்_ஒட்டுசுட்டான்

நாளைக்கு முதலாளியிடம் போகிறேன். ரி.ஓ. ஐயா, அறிவியல்நகருக்கு எத்தனை நாள் வயசான கல் கொண்டுபோக வேண்டும்? கையில் இருப்பதில் கூடியது 14 நாள்.

ஓய்வு_ரிஓ

28 நாள் ஆன கல்லைத்தான் வழமையாகப் பார்ப்பது. இப்போதே கொஞ்சக் கல்லில் அரிந்த திகதியைப் பெயின்டால் எழுதிப் புறம்பாக அடுக்கி வையுங்கள், விற்றுவிடாதீர்கள். எத்தனை கல் வேண்டும் என்று அவர்களிடமே கேட்டுக்கொண்டு போங்கள்.