புதுப்பிப்பு: தோட்ட ஹோஸ் ஒழுகல் நின்றது, ஒரு இடம் தவிர

அன்று நான் கேட்டது: "குழாயில் மாட்டும் இடத்தில் தண்ணீர் பீய்ச்சுகிறது, நடுவில் ஒரு கீறலும் இருக்கிறது, புது ஹோஸ்தான் வாங்கணுமா?"

வாங்கவில்லை. டெஃப்லான் டேப் சுற்றச் சொன்னவர் பேச்சைக் கேட்டு நாலு சுற்று சுற்றியும் ஒழுகியது, ஏனென்றால் இந்தக் கனெக்டரில் தண்ணீரை அடைப்பது மரை இல்லை, உள்ளே இருக்கும் வாஷர். பிளம்பர் அண்ணன் எழுதியபடி கழற்றிப் பார்த்தால் அது கல்லாக இறுகி வெடித்திருந்தது. முக்கால் இஞ்ச் ரப்பர் வாஷர் போட்டு, ஸ்பேனர் இல்லாமல் கையாலேயே இறுக்கினேன், நின்றுவிட்டது.

கீறலுக்கு இரண்டு பக்கமும் நல்ல பகுதி வரும்வரை நேராக வெட்டி, முனைகளை வெந்நீரில் முக்கி இளக்கினால்தான் அரை இஞ்ச் ஜாயின்டர் உள்ளே போனது. அப்புறம் பக்கத்துக்கு ஒரு கிளிப். நாஸிலை மூடி வைத்தால் மட்டும் ஒரு பக்கம் இன்னும் சொட்டுகிறது, கிளிப்பை ரொம்ப ஓரமாகப் போட்டுவிட்டேனோ என்னவோ.

சொட்டு நீர்ப் பாசனக் குழாயா என்று கேட்டவருக்கு: இல்லைங்க, இது செடிக்குத் தண்ணீர் அடிக்கும் சாதா பச்சை ஹோஸ்.