பொருள்: வரலாற்றாசிரியர் கூற்றைச் சான்றோடு வைத்துப் பார்ப்பதற்கு ஒரு சொல்

மீனா:
வணக்கம். குடிமைப்பணி முதன்மைத் தேர்வில் வரலாற்றை விருப்பப்பாடமாக எடுத்துத் தமிழில் எழுதுபவர்களுக்கு ஒரு கையேடு தயாரிக்கிறோம். ஒரு வரலாற்றாசிரியரின் கருத்தைக் கொடுத்து, அது எவ்வளவு தூரம் சரி என்று கேட்கும் வினாவுக்கான பகுதி இது. மாணவர் அங்கே செய்ய வேண்டிய வேலைக்குப் பெயர் வேண்டும். 'திறனாய்வு' என்று போட்டால் பலர் அந்த ஆசிரியரின் பெருமையை எழுதிவிட்டு, அப்புறம் தாம் படித்த காரணங்களை வரிசையாக அடுக்குகிறார்கள்.

ரவி:
'மறுப்பாய்வு' என்று வைக்கலாம். கூற்றை அப்படியே ஏற்றால் சுயசிந்தனை இல்லை என்று ஆகிவிடும். எதிர்ச்சான்று காட்டினால்தான் மதிப்பெண்.

ஜெயா:
கல்வெட்டுப் படிக்கும்போது எழுத்தமைதியை வைத்து அது எந்தக் காலத்தது, பிற்காலப் படியா என்று பார்ப்போம். 'மெய்ம்மை ஆய்வு' என்று எங்களுக்குள் சொல்லிக்கொள்வோம். அதையே எடுத்துக்கொள்ளலாமே?

செல்வம்:
ஜெயா அம்மா, நீங்கள் சோதிப்பது சான்றை. மீனா கேட்பது சான்றை வைத்துக் கூற்றைச் சோதிப்பது. ஆனாலும் காலம் பார்க்கும் உங்கள் பழக்கம் இங்கேயும் உதவும். ஓர் உதாரணம் சொல்கிறேன்.

1914-இல் முதல் உலகப் போர் மூண்டதற்கு முதன்மைப் பொறுப்பு ஜெர்மன் தலைமையுடையது என்று 1961-இல் ஜெர்மன் வரலாற்றாசிரியர் ஃபிரிட்ஸ் ஃபிஷர் வாதிட்டார். போரை முன்பே திட்டமிட்டார்கள் என்ற வாதத்தை அடுத்த நூலில் இன்னும் வலுவாக வைத்தார். வினாவில் இரண்டும் ஒரே வாக்கியமாக வரும். மாணவர் முதலில் அதைப் பிரிக்க வேண்டும்: தெரிந்தே ஆபத்தில் இறங்கினார்கள் என்பது ஒன்று, முன்கூட்டியே திட்டமிட்டார்கள் என்பது இன்னொன்று.

ஜூலை 5, 6 தேதிகளில் செர்பியா விஷயத்தில் ஆஸ்திரியாவுக்கு நிபந்தனையில்லாத ஆதரவை பெர்லின் கொடுத்தது. ரஷ்யா தலையிடக்கூடும் என்று தெரிந்தே கொடுத்தது. முதல் பாதிக்கு இது நல்ல பலம்.

இரண்டாம் பாதிக்குப் பலரும், ஜெர்மன் அரசின் போர் நோக்கங்களை எழுதிவைத்த செப்டம்பர் திட்டத்தைக் காட்டுகிறார்கள். பெல்ஜியத்தைக் கட்டுக்குள் வைப்பது, நடு ஐரோப்பாவில் பொருளாதாரக் கூட்டமைப்பு என்று பெரிய ஆசைகள் அதில் உண்டு. ஆனால் அதன் தேதி 9 செப்டம்பர் 1914. போர் தொடங்கி ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. போருக்கு நடுவில் என்ன ஆசைப்பட்டார்கள் என்பதற்குத்தான் அது சான்று. அந்த ஆசைக்காகவே போரைத் தொடங்கினார்கள் என்று அதை மட்டும் வைத்து நிறுவ முடியாது.

மிச்சமிருப்பது 8 டிசம்பர் 1912 அன்று ஜெர்மன் பேரரசர் கெய்சர் கூட்டிய கூட்டம். போர் எவ்வளவு சீக்கிரம் வருகிறதோ அவ்வளவு நல்லது என்றார் தரைப்படையின் தலைமைத் தளபதி மோல்ட்கே. கடற்படை இன்னும் தயாரில்லை, ஒன்றரை ஆண்டு தள்ளிப்போட வேண்டும் என்றார் கடற்படைத் துறைச் செயலர் டிர்பிட்ஸ். இதுவரை ஃபிஷருக்குச் சாதகம்தான். ஆனால் தலைமை அமைச்சர் பெத்மன் ஹோல்வெக் அங்கே இல்லை. கூட்டத்தில் இருந்த கெய்சரின் கடற்படைச் செயலகத் தலைவர் முல்லர், விளைவு ஏறக்குறைய ஒன்றுமில்லை என்று நாட்குறிப்பில் எழுதினார். ஆக, திட்டம் என்ற பாதி பலவீனமாகவே நிற்கிறது.

ரவி, இதில் மறுப்பு மட்டுமா இருக்கிறது? பாதி நின்றது, பாதி தளர்ந்தது. 'மறுப்பாய்வு' என்று பெயர் வைத்தால் மாணவர் ஜூலை 5-ஐ எழுதாமலே விட்டுவிடுவார்.

ரவி:
சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ரஷ்யா ஜூலை 30-இல் முழுப் படைதிரட்டலுக்கு ஆணையிட்டது. ஜெர்மனி ஆகஸ்ட் 1-இல்தான் ஆணையிட்டது. அது எதிர்ச்சான்று இல்லையா?

செல்வம்:
சான்றுதான், ஆனால் கூற்றின் எந்தச் சொல்லைத் தொடுகிறது என்று பாருங்கள். 'முதன்மை' என்ற சொல்லை அது சோதிக்கிறது, பொறுப்பு மற்றவர்களுக்கும் உண்டு என்று காட்டுகிறது. ஜூலை 5-இல் பெர்லின் செய்ததை அது அழித்துவிடவில்லை. அந்த இணைப்பை ஒரு வாக்கியமாக எழுத வேண்டும். எழுதாவிட்டால் தேதி சும்மா கிடக்கும்.

விடைத்தாளில் நான் வைத்திருக்கும் அளவு இது: பத்தியிலிருந்து ஃபிஷரின் கூற்றை எடுத்துவிட்டுப் படிப்பேன். ஒன்றும் குறையாமல் ஓடினால், அங்கே போரின் காரணங்கள்தான் இருக்கின்றன, கூற்று சோதிக்கப்படவில்லை.

மீனா:
அப்படியென்றால் 'கூற்றுச் சோதனை'? 'கூற்றாய்வு' சுருக்கமாக இருக்கிறது, ஆனால் கூற்றை விளக்கினாலே போதும் என்று நினைத்துவிடுவார்கள்.

ஜெயா:
'சோதனை' என்றால் பிள்ளைகளுக்கு ஆய்வுக்கூடம்தான் ஞாபகம் வரும். தேறியதா இல்லையா என்ற இரண்டே பதில் இருப்பது போலவும் தோன்றும். உரைகல்லில் பொன்னின் மாற்று எவ்வளவு என்று பார்ப்பது போல 'கூற்றுரைப்பு' என்றால், எவ்வளவு தூரம் என்ற வினாவுக்குச் சரியாகப் பொருந்தும்.

ரவி:
'உரைப்பு' என்றதும் எனக்குப் பேச்சுதான் நினைவுக்கு வருகிறது. மாணவர் கூற்றைத் திரும்பச் சொல்லிவிட்டுப் போய்விடுவார்.

மீனா:
இப்போதைக்குக் கையேட்டில் 'கூற்றுச் சோதனை' என்று வைக்கிறேன். 'கூற்றுரைப்பு' பற்றி இன்னும் இரண்டு பேராவது சொல்லட்டும். செல்வம் ஐயா, பாதி நிற்கிறது, பாதி தளர்கிறது என்று வரும் முடிவுக்கும் ஒரு சொல் வேண்டும். 'பகுதி உடன்பாடு' என்று எழுதினேன், ஆனால் எந்தப் பகுதி என்று சொல்லாமல் தப்பிக்க அது வழிவிடுகிறது.