ஐசியூ வரம்புக்குள் வென்டிலேட்டரும் அடங்குமா?

காவிரிக்கரை:
அப்பாவுக்கு 68 வயது. நிமோனியா முற்றி, திங்கள் இரவு 8 மணிக்கு ஐசியூவில் சேர்த்தோம். ஞாயிறு காலை வார்டுக்கு மாற்றினார்கள். பாலிசி 3 லட்சம், 2016இல் இருந்து விடாமல் புதுப்பித்து வருகிறோம். ரூம் வாடகைக்கு நாளுக்கு 1 சதவீதம், ஐசியூவுக்கு 2 சதவீதம் வரம்பு. அதாவது ஐசியூவுக்கு நாளுக்கு 6,000.

பில்லில் ஐசியூ படுக்கை 6 நாளுக்கு 54,000 (நாளுக்கு 9,000), ஐசியூ டாக்டர் 12,000, மானிட்டர் 6,000, வென்டிலேட்டர் 4 நாளுக்கு 20,000, முகமூடி வழியாக மூச்சுக்கு உதவும் பைபாப் எந்திரம் 5,000. இந்த 97,000ஐயும் ஒரே மூட்டையாகக் கட்டி 36,000 மட்டும் கொடுத்திருக்கிறார்கள். போதாததற்கு நுரையீரல் டாக்டர் விசிட், வென்டிலேட்டருக்காகத் தொண்டையில் குழாய் போட்ட கட்டணம் எல்லாம் சேர்ந்த 24,000இல் மூன்றில் ஒரு பங்கு, 8,000 ரூபாயையும் பிடித்துவிட்டார்கள். வார்டு ரூம் 2,800தான், அதில் தகராறு இல்லை. வென்டிலேட்டரையும் ஐசியூ வரம்பில் சேர்ப்பது சரியா?

நாமக்கல்_லாரி:
சரியே இல்லை. 2020லேயே ஐசியூவுக்கு வரம்பு வைக்கக் கூடாது என்று இன்சூரன்ஸ் கம்பெனிகளைக் கட்டுப்படுத்தும் ஐஆர்டிஏஐ சொல்லிவிட்டது. 97,000மும் கொடுத்தாக வேண்டும். விடாதீங்க.

பழைய_டிபிஏ:
இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்காகக் கிளைமைப் பரிசீலிக்கும் டிபிஏ நிறுவனத்தில் பதினொரு வருடம் கிளைம் பார்த்தவன் நான். நாமக்கல் தம்பி பாதி சரி. 2020 ஜூனில் வந்த சுற்றறிக்கை ஐசியூ வரம்பை ஒழிக்கவில்லை. அதே வருடம் எல்லா கம்பெனியும் விற்றாக வேண்டும் என்று கொண்டு வந்த ஆரோக்ய சஞ்சீவனி பாலிசியிலேயே ஐசியூவுக்கு 5 சதவீதம், அதிகபட்சம் நாளுக்கு 10,000 என்று வரம்பு இருந்தது. தடை செய்தது வேறொன்றை. தகுதிக்கு மேலான ரூம் எடுத்தால் ரூம் வாடகையோடு நிற்காமல் டாக்டர் கட்டணம் போன்ற மற்ற செலவுகளையும் அதே விகிதத்தில் வெட்டுவார்கள். அந்த விகிதாசார வெட்டை ஐசியூ கட்டணத்தை வைத்துச் செய்யக் கூடாது என்றார்கள். மருந்து, பரிசோதனை, உடலில் பொருத்தும் சாதனங்கள் ஆகியவற்றிலும் அந்த வெட்டு கூடாது.

காவிரிக்கரை, உங்கள் 8,000 எங்கிருந்து வந்தது பாருங்கள். ஐசியூ நாளுக்கு 9,000, உங்கள் தகுதி 6,000. 9,000இல் மூன்றில் ஒரு பங்கு தகுதிக்கு மேல் என்று மற்ற 24,000இலும் மூன்றில் ஒரு பங்கை வெட்டியிருக்கிறார்கள். வார்டு ரூமோ 2,800, 3,000 தகுதிக்குள்தான் இருக்கிறது. அப்படியானால் வெட்டுக்கு ஐசியூவைத் தவிர வேறு காரணமே இல்லை. பழைய பாலிசியாக இருந்தாலும் 2021 ஏப்ரலுக்குப் பிறகு புதுப்பித்தபோது இந்த விதி ஒட்டிக்கொண்டது. அந்த 8,000 உங்களுடையது.

வென்டிலேட்டர் அவ்வளவு சுலபமில்லை. நான் இருந்திருந்தால் நானும் மூட்டையில்தான் போட்டிருப்பேன்.

எட்டாம்_வார்டு:
எதற்காக மூட்டையில் போடுவீர்கள் ஐயா? நான் ஐசியூ நர்ஸ். எங்களிடம் 14 படுக்கை. அதில் எந்த நேரமும் வென்டிலேட்டரில் இருப்பது நாலு, மிஞ்சினால் ஐந்து பேர். மாரடைப்பு, விஷம் குடித்தவர், அறுவைக்குப் பின் ஒரு இரவு கண்காணிப்பு என்று வருபவர்களுக்கு அது தேவையே இல்லை. மானிட்டர் எல்லோருக்கும் மாட்டுவோம், வென்டிலேட்டர் தேவைப்படுபவருக்கு மட்டும்.

பழைய_டிபிஏ:
சரி, பாலிசியில் ஐசியூ கட்டணம் என்று என்ன எழுதியிருக்கிறது? படுக்கை, "எந்த ஐசியூ நோயாளிக்கும்" தரப்படும் பொதுவான மருத்துவ உதவிச் சேவைகள், அதில் கண்காணிப்புக் கருவிகள், தீவிர நர்சிங், ஐசியூ டாக்டர் கட்டணம் இவை "உட்பட" என்று. நாங்கள் அந்த "உட்பட"வைத்தான் பிடித்துக்கொள்வோம். பட்டியலில் இல்லை என்பதால் வெளியே என்று ஆகாது. மூச்சு விட வைப்பதுதானே ஐசியூவின் முதல் வேலை?

எட்டாம்_வார்டு:
நீங்கள் "உட்பட"வைப் பிடித்தால் நான் "எந்த ஐசியூ நோயாளிக்கும்" என்பதைப் பிடிக்கிறேன். பத்து பேருக்குத் தராத ஒன்று பொதுவான சேவை எப்படி ஆகும்? அப்படிப் போனால் டயாலிசிஸையும் ஐசியூவில்தான் செய்கிறோம், அதையும் 6,000க்குள் அடக்குவீர்களா?

பழைய_டிபிஏ:
டயாலிசிஸை அடக்க மாட்டோம். அது சிகிச்சை.

எட்டாம்_வார்டு:
வென்டிலேட்டர் என்ன, அலங்காரமா?

ஸ்ரீரங்கம்_மாமி:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கணும். என் வீட்டுக்காரரை போன வருஷம் ஒரு ஆஸ்பத்திரியில் ஐசியூவில் வைத்தபோது நாள் வாடகை 5,000த்தைத் தாண்டியது என்று 5 சதவீதம் ஜிஎஸ்டி போட்டார்கள். கிளைமில் அதையும் கழித்துவிட்டார்கள். உங்களுக்கும் அப்படித்தானா?

பழைய_டிபிஏ:
மாமி, அது வேறு கதை. 2022 ஜூலை 18 முதல் வந்த அந்த வரி 5,000க்கு மேற்பட்ட சாதாரண ரூமுக்குத்தான். ஐசியூ, இதய ஐசியூ, பச்சிளங்குழந்தை ஐசியூ எதற்கும் கிடையாது. அதை இன்சூரன்ஸிடம் கேட்காதீர்கள், ஆஸ்பத்திரி பில்லிங்கில் பில்லைக் காட்டித் திருப்பிக் கேளுங்கள்.

வைகைப்_பில்:
நான் ஆஸ்பத்திரி பில்லிங் ஆள். எல்லோரும் ஒன்றை மறக்கிறீர்கள். பில்லில் எப்படி எழுதியிருக்கிறது என்பதில்தான் பாதி வழக்கு. சில ஆஸ்பத்திரிகள் "வென்டிலேட்டருடன் ஐசியூ நாளுக்கு 14,000" என்று ஒரே வரியில் போடுவார்கள். அதைக் கையில் வைத்துக்கொண்டு பிரித்துக் கொடு என்றால் எந்தக் கம்பெனியும் சிரிக்கும். இவருக்குத் தனி வரியில் வந்திருக்கிறது, அது பலம்.

கொரோனா நேரத்தில் டெல்லி அரசு தனியார் ஆஸ்பத்திரிகளுக்கு விலை கட்டியபோது வென்டிலேட்டர் இல்லாத ஐசியூவுக்கு 13,000 முதல் 15,000, இருந்தால் 15,000 முதல் 18,000 என்று இரண்டு விலை வைத்தது. அரசே இரண்டையும் பிரித்துத்தான் பார்த்திருக்கிறது.

பழைய_டிபிஏ:
அதே உதாரணத்தை நான் எதிர்ப்பக்கம் திருப்பலாமே. இரண்டு விலைக்கும் பெயர் ஐசியூதான். "வென்டிலேட்டருடன் ஐசியூ" என்பதும் ஐசியூ கட்டணம்தானே?

வைகைப்_பில்:
வக்கீலாகப் போயிருக்க வேண்டிய ஆள் நீங்கள்.

எட்டாம்_வார்டு:
காவிரிக்கரை அண்ணா, ஒரு கேள்வி. வென்டிலேட்டர் 4 நாள் என்று போட்டிருக்கிறார்களே, எப்போது குழாய் போட்டார்கள், எப்போது எடுத்தார்கள்? டிஸ்சார்ஜ் சுருக்கத்தில் நேரம் இருக்காது. ஐசியூ சார்ட் கேளுங்கள். மணிக்கு மணி ஆக்சிஜன் அளவு, அழுத்தம் எல்லாம் குறித்த பெரிய தாள் அது. அதில் பொய் சொல்ல முடியாது.

காவிரிக்கரை:
சார்ட் நகல் இப்போதுதான் கிடைத்தது. திங்கள் இரவு 10.40க்குப் போட்டு, வியாழன் காலை 7.30க்கு எடுத்திருக்கிறார்கள். வியாழனும் வெள்ளியும் பைபாப்.

எட்டாம்_வார்டு:
56 மணி 50 நிமிடம். 24 மணியை ஒரு நாளாகக் கணக்கிட்டால் இரண்டு நாள் முடிந்து மூன்றாவது நாளில் கொஞ்சம். மூன்று நாள் என்றால் 15,000தான் வரும். நாலு எப்படி?

வைகைப்_பில்:
காலண்டர் நாள் கணக்கு. திங்கள், செவ்வாய், புதன், வியாழன், நாலு. திங்களன்று 80 நிமிடம் ஓடினாலும் ஒரு நாள். எங்கள் மென்பொருளும் அப்படித்தான் எண்ணும். ஆஸ்பத்திரிக் கட்டண அட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று கேளுங்கள். 24 மணி என்று இருந்தால் 5,000 திரும்ப வரும். ஒன்றுமே எழுதவில்லை என்றால் சண்டை போட இடம் இருக்கிறது. எழுதியே காலண்டர் நாள் என்றிருந்தால் கஷ்டம்தான், நான் எங்கள் ஆட்களுக்காகப் பேசவில்லை, நிலைமையைச் சொல்கிறேன்.

நாமக்கல்_லாரி:
அப்ப பைபாப்?

பழைய_டிபிஏ:
பைபாப் எந்திரத்தைத் தனியாகப் பில் போடாமல் சிகிச்சைச் செலவில் அடக்க வேண்டியவை என்ற பட்டியலில் ஐஆர்டிஏஐ வைத்திருக்கிறது. அதனால் அந்த 5,000ஐக் கம்பெனி தர மறுத்தால் நான் ஆச்சரியப்பட மாட்டேன். வேடிக்கை என்னவென்றால் வென்டிலேட்டர் அந்தப் பட்டியலில் இல்லை. இது உங்கள் பக்க வாதம் தம்பி, நானே எடுத்துக் கொடுக்கிறேன்.

காவிரிக்கரை, நான் சொல்வதைக் கேட்டால் இப்படிப் பிரித்து எழுதுங்கள். படுக்கை, டாக்டர், மானிட்டர் 72,000. அதற்கு வரம்பு 36,000, மீதி 36,000 போனது போனதுதான், அதைக் கேட்டு நேரத்தை வீணாக்காதீர்கள். 8,000க்குத் தனிப் பத்தி, சுற்றறிக்கையைக் குறிப்பிட்டு. வென்டிலேட்டருக்குத் தனிப் பத்தி, பாலிசியின் வரையறையை அப்படியே எடுத்தெழுதி. எல்லாவற்றையும் ஒரே பத்தியில் குழப்பினால் பதிலும் ஒரே வரியில் வரும். கம்பெனியின் குறைதீர்ப்புக்கு அனுப்பி ஒரு மாதம் பொறுங்கள். பதில் வராவிட்டாலோ பிடிக்காவிட்டாலோ இன்சூரன்ஸ் புகார்களை விசாரித்து உத்தரவிடும் சென்னை இன்சூரன்ஸ் ஓம்பட்ஸ்மேனிடம் போங்கள். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம், கம்பெனி மறுத்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் போக வேண்டும்.

காவிரிக்கரை:
மூன்று வாரம் கழித்து வருகிறேன். 8,000 வந்துவிட்டது, ஒரு வார்த்தை விளக்கம் இல்லாமல். வென்டிலேட்டருக்கு "ஐசியூ கட்டணத்தின் அங்கம்" என்று ஒற்றை வரி பதில். ஆஸ்பத்திரிக் கட்டண அட்டையில் நாள் எப்படிக் கணக்கு என்று எதுவும் இல்லை. மேலாளரிடம் சார்ட்டைக் காட்டினேன், 5,000 குறைத்து பில் மாற்றித் தருகிறேன் என்றிருக்கிறார், இன்னும் தரவில்லை. ஓம்பட்ஸ்மேனிடம் 20,000 என்று எழுதுவதா, 15,000 என்றா?

பழைய_டிபிஏ:
திருத்திய பில் கைக்கு வந்த பிறகு 15,000 என்று எழுதுங்கள். 20,000 கேட்டு, சார்ட்டையும் நீங்களே வைத்தால் உங்கள் கணக்கை வைத்தே உங்களை மடக்குவார்கள்.

எட்டாம்_வார்டு:
உங்கள் பழைய ஆட்கள்தான் தோற்பார்கள் ஐயா.

பழைய_டிபிஏ:
பார்க்கலாம். உத்தரவு எந்தப் பக்கம் வந்தாலும் அப்படியே இங்கே போடுங்கள் காவிரிக்கரை.