ரிலீவிங் லெட்டர் இருக்கு, எக்ஸ்பீரியன்ஸ் சர்டிபிகேட் வேற கேக்குதாவ. அவசரம்!

பாளை_பையன்: அண்ணாச்சிமாரே, வெளிநாட்டுல வேலை கிடைச்சாச்சு. ரிலீவிங் லெட்டர் அனுப்பியாச்சு. இப்ப எக்ஸ்பீரியன்ஸ் சர்டிபிகேட் கேக்குதாவ. ரெண்டும் ஒண்ணுதானே? நாளைக்குள்ள அனுப்பணும். மாடல் இருந்தா போடுங்க.

வண்ணார்பேட்டை_வாசி: எந்த நாடு? என்ன வேலை? கையில இருக்க லெட்டர்ல என்ன எழுதிருக்கு?

தென்காசி_சாரல்: முதல்ல டெல்லில எம்பசி சீல் வாங்குங்க. அது இல்லாம எந்த லெட்டரும் செல்லாது.

பழைய_ஹெச்ஆர்: மாசத்துக்கு ஒருத்தர் இதையே கேக்காவ, தேடிப் பாக்க மட்டும் யாருக்கும் கை வராது. ரிலீவிங் லெட்டர்னா உங்களை விட்டாச்சுங்கதுக்கு சாட்சி. எக்ஸ்பீரியன்ஸ் சர்டிபிகேட்னா அங்க என்ன வேலை பாத்தீங்கங்கதுக்கு சாட்சி. எப்படி ஒண்ணாகும்?

பாளை_பையன்: மன்னிச்சுக்கோங்க, எனக்கில்ல, தங்கச்சிக்கு. ஸ்டாஃப் நர்ஸ், சவுதி. இங்க தனியார் ஆஸ்பத்திரில 3.6.2021 சேந்தா, 30.4.2025 வெளிய வந்தா. மார்ச் 10-ந்தேதி வாங்கின எக்ஸ்பீரியன்ஸ் லெட்டர் ஒண்ணு இருக்கு. அதை அனுப்பலாமா?

பணகுடி_மைனி: தம்பி, அந்த லெட்டர்ல கடைசித் தேதி இருக்கா, இல்ல ‘டில் டேட்’னு இருக்கா? ஆரம்பத்துல ட்ரெய்னியா? பாஸ்போர்ட்ல பேர் எப்படி இருக்கு?

பாளை_பையன்: டில் டேட்தான். முதல் 6 மாசம் ட்ரெய்னி. பாஸ்போர்ட்ல அப்பா பேர் முழுசா இருக்கு, லெட்டர்ல இனிஷியல் மட்டும்.

பணகுடி_மைனி: அப்போ அதை அனுப்பாதீங்க. ‘டில் டேட்’னா லெட்டர்ல போட்ட தேதி வரைக்கும்னுதான் எடுப்பாவ. மார்ச் 10-க்கும் ஏப்ரல் 30-க்கும் நடுவுல 51 நாள் தொங்கும். ரிலீவிங் லெட்டர் ஒரு தேதி சொல்லும், இது வேற சொல்லும். நர்ஸ் வேலைக்கு டேட்டாஃப்ளோ சரிபார்ப்பு உண்டு. அவங்க நீங்க குடுத்த காகிதத்தை மட்டும் பாக்கமாட்டாவ, ஆஸ்பத்திரிக்கே எழுதிக் கேப்பாவ. ஆஸ்பத்திரி பதிவேட்டுல இருக்கதும் காகிதத்துல இருக்கதும் ஒத்துப்போகலன்னா அங்கயே சிக்கிக்கும்.

புதுசா ஒண்ணு வாங்குங்க. லெட்டர்ஹெட்ல, தேதியோட. பேர் பாஸ்போர்ட்ல இருக்க மாதிரியே, பக்கத்துல பாஸ்போர்ட் நம்பர். லெட்டர்ல எம். செல்வி, பாஸ்போர்ட்ல செல்வி மாடசாமின்னா அங்க உள்ளவங்களுக்கு ரெண்டு ஆளு. நம்ம இனிஷியல் வழக்கம் அவங்களுக்குத் தெரியாது. அடுத்து பதவியும் தேதியும், நாள் மாசம் வருஷம் மூணுமா: 3.6.2021-லருந்து 2.12.2021 வரை ட்ரெய்னி நர்ஸ், 3.12.2021-லருந்து 30.4.2025 வரை ஸ்டாஃப் நர்ஸ். முழுநேரமா, வாரத்துக்கு எத்தன மணி, எந்த வார்டு, என்ன வேலை. கையெழுத்து போடுதவங்க பேர், பதவி, ஆஸ்பத்திரி பேர்லயே உள்ள மெயில், லேண்ட்லைன். சரிபார்ப்பு மெயில் அங்கதான் போகும், ஜிமெயில் குடுத்தா சந்தேகம் வரும்.

‘சின்சியர், நன்னடத்தை, எதிர்காலம் சிறக்க வாழ்த்து’ எல்லாம் இருந்துட்டுப் போகட்டும். அதை வச்சு யாரும் ஒரு வருஷம்கூட எண்ணமாட்டாவ.

பழைய_ஹெச்ஆர்: ட்ரெய்னிய ஏன் எழுதணும்? மொத்தத்தையும் ஸ்டாஃப் நர்ஸ்னு போட்டா வேலை முடிஞ்சது.

பணகுடி_மைனி: அண்ணாச்சி, அப்பாயின்ட்மென்ட் ஆர்டர்ல ட்ரெய்னின்னு இருக்குமே! சரிபாக்கும்போது ஆஸ்பத்திரி ஆறு மாசத்தை வேற பதவியா சொல்லும். உண்மையா எழுதினா நஷ்டம் ஆறு மாசம், மாத்தி எழுதினா முழுசுக்கும் சந்தேகம். ட்ரெய்னி காலம் போனாலும் 3 வருஷம் 4 மாசம் நிக்குது. கேட்டது எத்தன வருஷம்னு தம்பி சொல்லலயே?

வண்ணார்பேட்டை_வாசி: ரிலீவிங் லெட்டர்ல ‘செட்டில்மென்ட் பாக்கி’ன்னு ஒரு வரி இருக்கான்னும் பாருங்க. ‘ரிலீவ்டு’ன்னு தெளிவா இருக்கணும். ராஜினாமா ஏத்துக்கிட்டோம்னு மட்டும் இருந்தா போதாது. அப்புறம் யுஏஎன் போர்ட்டல்ல பிஎஃப் வெளியேறின தேதியும் 30.4.2025 தானான்னு பாத்துக்கோங்க.

தென்காசி_சாரல்: எல்லாம் சரி, எம்பசி சீல் பத்தி ஒருத்தரும் பேசலயே? எங்க மச்சான் 2019-ல சவுதி எம்பசில நின்னுதான் வாங்கினான்.

வண்ணார்பேட்டை_வாசி: அது அப்போ. 2022 டிசம்பர்ல சவுதி அப்போஸ்டில் ஒப்பந்தத்துல சேந்தாச்சு. வெளியுறவு அமைச்சகத்தோட அப்போஸ்டில் போதும். துபாய்னா கதை வேற.

தென்காசி_சாரல்: ஏஜென்ட் இப்பவும் எம்பசிக்குன்னு பணம் கேக்கானே?

வண்ணார்பேட்டை_வாசி: அதை ஏஜென்ட்கிட்டயே கேளும் வே.

பழைய_ஹெச்ஆர்: எழுத்தே சரியில்ல, அதுக்குள்ள சீலுக்கு அடிச்சுக்கிடுதாவ. தப்பான லெட்டர்ல அப்போஸ்டில் குத்தினா தப்பு சரியாயிடுமா?

பணகுடி_மைனி: அதுல அண்ணாச்சி சொல்லுதது சரி. லெட்டர் திருத்தின பிறகுதான் சீல். இல்லன்னா ரெண்டு தடவை காசு.

பாளை_பையன்: மைனி, ஆஸ்பத்திரிக்குப் போனோம். வார்டு, மணி எல்லாம் போட ஒத்துக்கிட்டாவ, பாஸ்போர்ட் நம்பர் போடமாட்டாவளாம். கையெழுத்து போடுத மேடம் லீவு, திங்கக்கிழமைதான்.

பணகுடி_மைனி: நம்பர் இல்லன்னாலும் பேர் மட்டும் முழுசா வரட்டும். சவுதிக்காரங்களுக்கு திங்கக்கிழமைன்னு இன்னைக்கே மெயில் போட்டுருங்க. எத்தன வருஷம் கேட்டாவ?