ரெண்டு மணியும் 24-வது நிமிஷம் ஒண்ணா அடிக்கல, எங்க தப்பு? உதவி வேணும்

மேலூர்க்காரி (இரவு 8:12)
நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள பதில் வேணும். திண்ணையில 6, 7-ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்குறேன். மீச்சிறு பொது மடங்கு, அதான் மீ.சி.ம பாடம். ஒரு மணி 6 நிமிஷத்துக்கு ஒரு தடவை, இன்னொரு மணி 8 நிமிஷத்துக்கு ஒரு தடவை அடிச்சா எப்ப சேர்ந்து அடிக்கும்? 24-னு போட்டாச்சு. ஒரு பையன் "நெசமாவே அடிக்குமா டீச்சர்"னு கேட்டான். காட்டிருவோம்னு ரெண்டு போன்ல வச்சேன். 24 நிமிஷம் ஆச்சு, சேர்ந்து அடிக்கல. 48 வரைக்கும் உக்காந்து பாத்தோம், அப்பவும் இல்ல. பசங்க என்னையே பாக்குறாய்ங்க. கணக்கு தப்பா, போன் தப்பா?

தெப்பக்குளம் (8:20)
6 = 2 × 3. 8 = 2 × 2 × 2. மீ.சி.ம 24. ஆறாம் வகுப்புக் கணக்கு. பாடம் நடத்துறவங்க இதைக் கேக்குறதுக்கு முன்னாடி புத்தகத்தை ஒரு தடவை புரட்டிப் பாத்திருக்கலாம். இதே கேள்வி இங்க பல தடவை வந்திருக்கு.

மேலூர்க்காரி (8:22)
24-னு நானே எழுதியிருக்கேனே சார். அடிக்கலைங்கிறதுதான் கேள்வி.

சிம்மக்கல் செல்போன் கடை (8:27)
அலாரமா, டைமரா? டைமர்னா அது அடிச்சதும் நிப்பாட்டி மறுபடி அமுக்கணும். அமுக்க 5 செகண்ட் ஆனாலும் 6 நிமிஷம்கிறது 6 நிமிஷம் 5 செகண்ட் ஆயிரும். எட்டு சுத்துல 40 செகண்ட் தள்ளிப்போகும். எங்க கடைக்கு இந்தப் புகார் நிறைய வருது. போன்ல கோளாறு இல்ல, அமுக்குற விரல்லதான்.

ஒத்தக்கடை (8:31)
ரெண்டையும் பெருக்கணும்க்கா. 6 × 8 = 48. 48-ல கண்டிப்பா சேரும். எனக்கு அப்படித்தான் சொல்லிக்குடுத்தாங்க.

மேலூர்க்காரி (8:33)
48-ம் பாத்துட்டேன் தம்பி, மேல எழுதியிருக்கேன். டைமர்தான். ஆளுக்கு ஒரு போன்னு ரெண்டு பிள்ளைகள்ட்ட குடுத்தேன், அடிச்ச கையோட அமுக்குனாங்க.

வாடிப்பட்டி வாத்தியார் (8:40)
ஏம்மா, ஒண்ணு கேக்குறேன். ரெண்டு போனையும் ஒரே நேரத்துல ஓட விட்டீங்களா? மணி அடிச்ச நேரத்தை யாராவது எழுதி வச்சாங்களா? அது இருந்தா ஊகம் பண்ண வேண்டியதே இல்ல.

உசிலம்பட்டி விலக்கு (8:44)
எனக்கும் இதே பிரச்சினைதான். எங்க விலக்குல டவுன் பஸ் 40 நிமிஷத்துக்கு ஒண்ணு, மினிபஸ் 30 நிமிஷத்துக்கு ஒண்ணு. 120 நிமிஷத்துக்கு ஒரு தடவை ரெண்டும் சேர்ந்து வரணும்ல? ரெண்டு வருசமா நிக்கிறேன், ஒரு நாளும் சேர்ந்து வரல. டிரைவருங்க வேணும்னே பண்றாங்களான்னு தோணுது.

திருநகர் (8:51)
மணின்னதும் ஞாபகம் வருது. திருமலை நாயக்கர் காலத்துல ஸ்ரீவில்லிபுத்தூர்ல ஆண்டாளுக்கு நைவேத்தியம் முடிஞ்சதும் வழிநெடுக மணி மண்டபங்கள்ல ஒண்ணு மாத்தி ஒண்ணு அடிச்சு மதுரை அரண்மனைக்குச் சேதி வருமாம். அப்புறம்தான் ராஜா சாப்பிடுவாராம். அத்தனை மணியும் எப்படிச் சேர்ந்துச்சு?

ஒத்தக்கடை (8:55)
அது கட்டபொம்மன் கதை. திருச்செந்தூர்லருந்து பாஞ்சாலங்குறிச்சிக்கு.

திருநகர் (8:57)
ரெண்டு பேருக்கும் சொல்லுவாங்க தம்பி. ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் போனா மண்டபங்களையே காட்டுவாங்க.

தெப்பக்குளம் (9:02)
இழை எங்கயோ போகுது. அந்த மணிகளுக்கு இடைவெளியே கிடையாது. ஒண்ணோட சத்தத்தைக் கேட்டுத்தான் அடுத்தவர் அடிக்கிறார். அதுல மீ.சி.ம-வுக்கு வேலையே இல்ல.

மேலூர்க்காரி (9:10)
வாத்தியாரய்யா, ஒரு பொண்ணு சிலேட்ல எழுதி வச்சிருக்கா. முதல் போனை 5:30-க்கு ஓட விட்டேன். ரெண்டாவது போனைச் சத்தம் கேக்கட்டும்னு எவர்சில்வர் சொம்புக்குள்ள வச்சேன், சொம்பு தேடி எடுத்துட்டு வர நேரமாயிருச்சு, 5:33-க்குத்தான் ஆரம்பிச்சேன். மூணே நிமிஷம்தானேன்னு விட்டுட்டேன்.
முதல் போன்: 5:36, 5:42, 5:48, 5:54, 6:00, 6:06, 6:12, 6:18
சொம்பு போன்: 5:41, 5:49, 5:57, 6:05, 6:13, 6:21

வாடிப்பட்டி வாத்தியார் (9:26)
அந்தச் சிலேட்டை அழிச்சிராதீங்கம்மா. பாடமே அதுலதான் இருக்கு.

முதல் வரிசையில நிமிஷம் எல்லாமே இரட்டைப்படை. சொம்பு வரிசையில எல்லாமே ஒற்றைப்படை. 6-ஐக் கூட்டினாலும் 8-ஐக் கூட்டினாலும் இரட்டை இரட்டையாவேதான் இருக்கும், ஒற்றை ஒற்றையாவேதான் இருக்கும். அதனால விடிய விடிய உக்காந்திருந்தாலும் சேராது. 24-ம் இல்ல, 48-ம் இல்ல, 480-ம் இல்ல.

மீ.சி.ம தப்புப் பண்ணல. ஒரு தடவை சேர்ந்தா, அடுத்த தடவை சேர எவ்வளவு நேரமாகும்கிறதைத்தான் அது சொல்லும். முதல் தடவை எப்ப சேரும், சேருமா சேராதாங்கிறது அதோட பொறுப்பு இல்ல. உங்க சிலேட்லயே அந்த 24 ஒளிஞ்சிருக்கு, பாருங்க. 5:41-க்குச் சொம்பு, 5:42-க்கு முதல் போன், ஒரு நிமிஷ இடைவெளி. அதே மாதிரி 6:05-க்குச் சொம்பு, 6:06-க்கு முதல் போன். நடுவுல சரியா 24 நிமிஷம். 5:48-ம் 5:49-ம் கிட்ட வந்துச்சு, 24 நிமிஷம் கழிச்சு 6:12-ம் 6:13-ம் அதே மாதிரி வந்துச்சு. மொத்தக் கோலமும் 24 நிமிஷத்துக்கு ஒரு தடவை அப்படியே திரும்புது. அந்தக் கோலத்துக்குள்ள சேர்ற புள்ளி மட்டும் இல்ல.

சேருமான்னு முன்கூட்டியே தெரிஞ்சுக்க மீ.பெ.கா-வை, அதாவது ரெண்டு எண்ணையும் மீதியில்லாம வகுக்குற பெரிய எண்ணைப் பாக்கணும். 6-க்கும் 8-க்கும் அது 2. ரெண்டு மணியும் ஆரம்பிச்ச நேரத்துக்கு நடுவுல உள்ள வித்தியாசம் 2-ஆல வகுபட்டாச் சேரும், இல்லன்னா சேரவே சேராது. நீங்க விட்ட மூணு நிமிஷம் வகுபடாது. 5:32-க்கு ஆரம்பிச்சிருந்தா சொம்பு 5:40, 5:48-னு போயிருக்கும், 5:48-க்கே முதல் போனோட சேர்ந்திருக்கும். கவனிங்க, முதல் போன் ஆரம்பிச்சு 18-வது நிமிஷம், 24 இல்ல. அடுத்தது 6:12. 24 அங்கதான் வருது.

சிம்மக்கல் தம்பி சொன்ன காரணம் டைமர்ல நெசமாவே உண்டு. ஆனா அமுக்குற தாமதம்னா விலகல் ஒவ்வொரு சுத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமா வளரும். இங்க வளரவே இல்ல, அதனால இங்க குற்றவாளி அது இல்ல.

சிம்மக்கல் செல்போன் கடை (9:33)
நிமிஷக் கணக்குல எழுதினா 20 செகண்ட் தள்ளல் கண்ணுக்குத் தெரியாதே சார். எதுக்கும் டைமர் வேண்டாம், அலாரமா வைங்க. அது கடிகாரத்தோட ஓடும், யாரு அமுக்குனாலும் அமுக்காட்டியும் அடுத்தது அதது நேரத்துக்கு அடிக்கும்.

வாடிப்பட்டி வாத்தியார் (9:36)
நிமிஷத்துக்கு உள்ள உள்ள தள்ளல் சிலேட்ல தெரியாதுதான், ஒத்துக்கிறேன். அலாரம் நல்ல யோசனை.

ஒத்தக்கடை (9:40)
அப்ப பெருக்குறது தப்பாய்யா?

வாடிப்பட்டி வாத்தியார் (9:48)
ரெண்டு எண்ணுக்கும் 1-ஐத் தவிரப் பொதுக் காரணி இல்லன்னா பெருக்குனாப் போதும். 5-ம் 8-ம்னா 40. அதுல இன்னொரு சுகமும் இருக்கு. முழு நிமிஷக் கணக்குல எப்ப ஆரம்பிச்சாலும் என்னிக்காவது சேர்ந்தே தீரும். 5:30-க்கு 5 நிமிஷ மணி, 5:33-க்கு 8 நிமிஷ மணின்னு விட்டாலும் 6:05-க்குச் சேர்ந்திரும், எழுதிப் பாருங்க. 6-க்கும் 8-க்கும் 48-னு சொன்னா, நடுவுல 24-ல நடக்குறதைத் தவற விட்டுருவீங்க.

உசிலம்பட்டி, உங்க முதல் பஸ் எத்தனை மணிக்கு?

உசிலம்பட்டி விலக்கு (9:52)
டவுன் பஸ் 6:00. மினிபஸ் 6:15.

வாடிப்பட்டி வாத்தியார் (9:58)
40-க்கும் 30-க்கும் மீ.பெ.கா 10. வித்தியாசம் 15, வகுபடாது. டவுன் பஸ் எப்பவும் 0-ல முடியுற நிமிஷத்துலதான் வரும், மினிபஸ் 5-ல முடியுற நிமிஷத்துலதான் வரும். டிரைவர்களைச் சந்தேகப்படாதீங்க, அட்டவணையே அப்படி. மினிபஸ் முதல் நடையை 6:10-க்கு மாத்துனா 6:40-க்குச் சேரும், அப்புறம் 8:40, 10:40.

உசிலம்பட்டி விலக்கு (10:04)
ஆனா இப்ப 6:40-க்கு இறங்குனா 6:45-க்கு மினிபஸ் இருக்கு. சேர்ந்து வந்தா ஓடிப்போய்ப் பிடிக்கணும், டவுன் பஸ் ஒரு நிமிஷம் லேட்டானா அதுவும் போச்சு. அப்ப 7:20-க்கு இறங்குறவனுக்குத்தான் கஷ்டம், 7:15 போயிருக்கும், 7:45 வரைக்கும் நிக்கணும். 6:10-னு மாத்துனா 7:40-க்கே வந்திரும். எது நல்லதுன்னு சொல்லுங்க சார்.

தெப்பக்குளம் (10:11)
பஸ் கணக்குக்குத் தனி இழை போடுங்க. கேள்விக்கு வர்றேன். பரீட்சைக் கேள்வியில "காலை 6 மணிக்கு ஒன்றாக ஒலித்தன"ன்னு ஒரு வரி இருக்கும். அந்த வரி இருந்தாத்தான் மீ.சி.ம நேரடியா விடை. டீச்சர் அந்த வரியை எழுதவே இல்ல, அதைத்தான் நான் முதல்லயே கேட்டிருக்கணும்.

சிம்மக்கல் செல்போன் கடை (10:15)
இன்னொண்ணு. அலாரத்தை யாரும் நிப்பாட்டலைன்னா ஒரு நிமிஷம் கூட அடிக்கும். 5:48-க்கு ஆரம்பிச்சது 5:49 வரைக்கும் அடிச்சா, சொம்பு போனோட சேர்ந்துதானே கேக்கும்? அதைச் சேர்ந்ததுன்னு எடுத்துக்கலாமா, கூடாதா?

வாடிப்பட்டி வாத்தியார் (10:22)
கணக்குல மணி ஒரு புள்ளி. நெசத்துல மணிக்கு நீளம் இருக்கு. பிள்ளைகள்ட்டயே கேளுங்கன்னு சொல்லத் தோணுது, எனக்கே ரெண்டு மாதிரியும் படுது. நாளைக்குக் காட்டுறதா இருந்தா 4-ம் 6-ம் வைங்கம்மா, 12 நிமிஷத்துல முடிஞ்சிரும். ஒண்ணு ரெண்டு மூணு எண்ணிட்டு ரெண்டு பேரும் ஒண்ணா அமுக்கட்டும்.

மேலூர்க்காரி (மறுநாள், இரவு 7:35)
நன்றிங்கய்யா. 4-ம் 6-ம் வச்சோம், 12-வது நிமிஷம் ரெண்டும் சேர்ந்து அடிச்சுச்சு, சொம்பு அதிர்ந்துச்சு. அப்புறம் வேணும்னே ஒரு நிமிஷம் தள்ளி விட்டோம், 36 நிமிஷம் பாத்தும் சேரல. ஏன்னு அந்தச் சிலேட்டுப் பொண்ணே ஒற்றை இரட்டை பாத்துச் சொல்லிட்டா. கேள்வி கேட்ட பையன் இப்ப மூணு போன் வைக்கணும்கிறான். மூணாவது போனுக்கு ஆள் பாக்கணும்.

உசிலம்பட்டி விலக்கு (8:02)
என் பஸ்ஸுக்கு யாராவது சொல்லுங்கய்யா.