ப்ரீஆர்டர் மட்டும் வச்சு பைனரி ட்ரீ கட்ட முடியல, யாராச்சும் பாருங்க

பைத்தான்ல ரெண்டு நாளா மாட்டிக்கிட்டேன். ப்ரீஆர்டர்ல ஃபைல்ல எழுதின மரத்தை திரும்ப படிச்சா வேற மரம் வருது. A B-னா A ரூட்னு தெரியுது, B இடமா வலமானுதான் தெரியல. பிஎஸ்டி மாதிரி இன்சர்ட் பண்ணி பாத்தேன், என் மரம் வரிசைப்படி இல்லாததால ஆகல.

அப்புறம் இன்ஆர்டரும் சேத்தேன்.

```
pre: A B D C
in:  D B A C
```

இன்ஆர்டர்ல A-க்கு முன்னாடி 2 நோடு இருக்கு, அதனால ப்ரீஆர்டர்ல A-க்கு அடுத்த ரெண்டும் இடப்பக்கம், மீதி C வலப்பக்கம், இப்படியே B D-யையும் பிரிச்சா சரியா வந்துச்சு. ஆனா நிஜ டேட்டால ஒரே நம்பர் திரும்ப வருது, ரெண்டு லிஸ்ட்டுமே `7 7`-னா மறுபடி அதே குழப்பம்.

காலி இடத்துக்கெல்லாம் # போட்டா இடதுன்னா `7 7 # # #`, வலதுன்னா `7 # 7 # #`. இப்படி எழுதினா இன்ஆர்டரே இல்லாம எந்த மரத்தையும் திரும்ப கட்டிரலாமா?